டிஸ்சார்ஜ் சம்மரியை வாசிப்பது எப்படி: இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை முடிந்து மலைக்குத் திரும்பும் குடும்பங்களின் கேள்விகள்

கோத்தகிரிப் பக்கம் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். கோவையில் சேர்ந்து சிகிச்சை பெற்று, கையில் டிஸ்சார்ஜ் சம்மரியோடு மலையேறி வருகிறவர்கள் கவுன்ட்டரில் கேட்கும் கேள்விகள்தான் கீழே இருப்பவை. எல்லா நோய்க்கும் சேர்த்து எழுதினால் எதுவும் தெளிவாக வராது. அதனால் இதயச் செயலிழப்பு என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். மாத்திரைகள் தலைகீழாக மாறுவதும், வீட்டுக்கு வந்தபின் குழப்பம் வருவதும் இதில்தான் அதிகம்.

விளக்கத்துக்கு ஓர் அம்மாவை வைத்துக்கொள்வோம். கட்டபெட்டு பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர், 63 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் பல வருடமாக உண்டு. கால் வீக்கமும் மூச்சுத்திணறலும் வந்து கோவையில் சேர்த்தார்கள். இப்போது வீட்டில் இருக்கிறார்.

"காகிதம் நாலு பக்கம், முழுக்க இங்கிலீஷ். முதல்ல எதைப் பாக்கணும்?"

கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். 'டிஸ்சார்ஜ் அட்வைஸ்' என்ற தலைப்பின் கீழ் இருக்கும் மருந்துப் பட்டியல்தான் வீட்டில் சாப்பிட வேண்டியது. அதன் அடியில் 'ரிவ்யூ' என்று ஒரு வரி இருக்கும். எப்போது, எந்தப் பிரிவுக்கு, என்ன பரிசோதனையோடு வர வேண்டும் என்பது அதில் இருக்கும். அதற்குப் பிறகு முதல் பக்கத்துக்கு வந்து நோயறிதலைப் பாருங்கள்.

நடுவில் நீளமாக ஓடுவது 'கோர்ஸ் இன் ஹாஸ்பிடல்', அதாவது வார்டில் என்ன நடந்தது என்ற குறிப்பு. அதில் வரும் ஊசி மருந்துகள் அங்கேயே முடிந்துவிட்டவை. அந்தப் பெயரைக் காட்டி இங்கே மருந்து கேட்கிறவர்கள் பலர். அதை வாங்கத் தேவையில்லை.

இன்னும் இரண்டு எண்களைத் தேடி வட்டமிட்டு வையுங்கள்: டிஸ்சார்ஜ் அன்றைய எடை, டிஸ்சார்ஜ் அன்றைய கிரியாட்டினின். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை எண்தான் கிரியாட்டினின், சிறுநீரகம் தடுமாறினால் அது ஏறும். அடுத்த ஒரு மாதம் எதையும் இந்த இரண்டோடுதான் ஒப்பிடப் போகிறோம். நம் அம்மாவுக்கு எடை 54.5 கிலோ, கிரியாட்டினின் 1.4. எடை எழுதப்படாத காகிதங்களும் வருகின்றன. அப்படியானால் வீட்டுக்கு வந்த மறுநாள் காலை நீங்களே எடை பார்த்து, தேதியோடு காகிதத்தின் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.

"டயக்னோசிஸ்ல அஞ்சு பேர் போட்டிருக்கு. ஹார்ட் ஃபெயிலியர்னும் இருக்கு. இதயம் நின்னு போயிடுமா?"

அந்தப் பெயரைப் பார்த்துப் பயப்படாத குடும்பம் கிடையாது. இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுவிட்டது என்று பொருளில்லை. தேவையான வேகத்தில் ரத்தத்தை வெளியே தள்ள இதயத்துக்குத் தெம்பு போதவில்லை, அதனால் நுரையீரலிலும் காலிலும் நீர் தேங்குகிறது என்று பொருள்.

அம்மாவின் காகிதத்தில் இருக்கும் ஐந்து பெயர்களும் தனித்தனி நோய்கள் அல்ல. ஒன்றிலிருந்து ஒன்று வந்தவை. டைப் 2 சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் பழையவை. அவற்றோடு இதய ரத்தக்குழாய் அடைப்பும் சேர்ந்து இதயத் தசை தளர்ந்தது. 'இஸ்கீமிக் கார்டியோமயோபதி' என்பது அதுதான். அந்தத் தளர்ந்த இதயம் இந்த முறை சமாளிக்க முடியாமல் போனது 'அக்யூட் டீகம்பன்சேட்டட் ஹார்ட் ஃபெயிலியர்'. சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்ததால் அதுவும் தடுமாறியது. அதை 'ஏ.கே.ஐ., ரிசால்விங்' என்று எழுதியிருக்கிறார்கள்.

இந்த 'ரிசால்விங்' என்ற சொல்லைக் கவனியுங்கள். சிறுநீரகம் தேறிக்கொண்டிருக்கிறது, இன்னும் முழுக்கத் தேறவில்லை. சேரும்போது 2.1 இருந்த கிரியாட்டினின் 1.4-க்கு இறங்கியிருக்கிறது. அது இன்னும் இறங்குகிறதா, திரும்ப ஏறுகிறதா என்று யாராவது பார்த்தே ஆக வேண்டும். ரிவ்யூ வரியில் ரத்தப் பரிசோதனை எழுதியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

'ஈ.எஃப். 30%' என்பதும் கேள்வி கேட்க வைக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் இடது அறையில் இருக்கும் ரத்தத்தில் எத்தனை பங்கு வெளியே போகிறது என்ற எக்கோ கணக்கு அது. நல்ல இதயத்திலேயே அது 55 முதல் 70 வரைதான் இருக்கும், நூறு வராது. அதனால் 30 என்றால் எழுபது சதவீதம் போய்விட்டது என்று எண்ண வேண்டாம். மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டு சில மாதம் கழித்து எடுக்கும் எக்கோவில் இந்த எண் ஏறுவதும் உண்டு.

"முன்னாடி சாப்பிட்ட மாத்திரையெல்லாம் டப்பாவுல கிடக்கு. புது லிஸ்ட்ல அதுல சிலதோட பேரே இல்ல. அதையும் சேத்து சாப்பிடணுமா, விட்டுடணுமா?"

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்தக் கேள்விக்காகத்தான். டிஸ்சார்ஜ் சம்மரி எதைச் சாப்பிட வேண்டும் என்று சொல்லும். எதை நிறுத்த வேண்டும் என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. பட்டியலில் ஒரு பெயர் இல்லை என்றால், மருத்துவர் வேண்டுமென்றே நிறுத்தியிருக்கலாம், தற்காலிகமாகத் தள்ளி வைத்திருக்கலாம், அல்லது அந்த மாத்திரையை நீங்கள் சாப்பிடுவதே அவருக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். காகிதத்தை மட்டும் பார்த்து இந்த மூன்றையும் பிரித்தறிய முடியாது.

செய்ய வேண்டியது இது: வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் மேசையில் கொட்டுங்கள். ஒவ்வொன்றையும் எடுத்து, பின்பக்கம் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் பாருங்கள். கம்பெனி பெயர் ஆளுக்கொன்று இருக்கும், அதை நம்ப வேண்டாம். அந்த மருந்துப் பெயர் புதுப் பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அம்மாவின் வீட்டில் இப்படிக் கொட்டியபோது கிடைத்தவை: எனலாப்ரில் 5, அம்லோடிபின் 5, மெட்ஃபார்மின் 500, ஆஸ்பிரின் 75, அட்டோர்வாஸ்டாடின் 10, கூடவே முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக். புதுப் பட்டியலில் இருந்தவை: சாக்குபிட்ரில்-வல்சார்டன் 50, மெட்டோப்ரொலால் 25, ஃபுரோசமைடு 40, ஸ்பைரனோலாக்டோன் 25, டாபாக்லிஃப்ளோசின் 10, ஆஸ்பிரின் 75, அட்டோர்வாஸ்டாடின் 40.

ஆஸ்பிரின் இரண்டிலும் ஒரே அளவு. ஒன்றும் மாறவில்லை, பழைய அட்டையையே தீர்க்கலாம். அட்டோர்வாஸ்டாடின் 10 போய் 40 வந்திருக்கிறது. இது அளவு மாற்றம், பழைய பத்தையும் சேர்த்துப் போடக்கூடாது.

எனலாப்ரில்தான் ஆபத்தானது. சாக்குபிட்ரில்-வல்சார்டன் அதன் இடத்துக்கு வந்த மருந்து. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் உதடு, நாக்கு, தொண்டை வீங்கி மூச்சு அடைக்கும் அபாயம் உண்டு. ஒன்றை நிறுத்தி மற்றதைத் தொடங்க 36 மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்பது விதி. வார்டில் அந்த இடைவெளியைக் கவனமாக விட்டுத்தான் தொடங்கியிருப்பார்கள். வீட்டில் பழைய அட்டையிலிருந்து ஒன்றைப் போட்டால் அந்தக் கவனமெல்லாம் வீண். அந்த அட்டையை அன்றைக்கே வீட்டிலிருந்து அகற்றிவிடுங்கள். பட்டியலில் 50 என்று இருந்து அட்டையில் 24/26 என்று இருந்தால் பதற வேண்டாம். உள்ளே இருக்கும் இரண்டு மருந்துகளின் அளவைத் தனித்தனியாகப் போட்டிருக்கிறார்கள், கூட்டினால் ஐம்பதுதான்.

அம்லோடிபின் பட்டியலில் இல்லை. பிரஷரைக் குறைக்கும் வேலையைப் புது மாத்திரைகளே செய்கின்றன. அதோடு அம்லோடிபினே கால் வீக்கம் தரும். தந்தால் அது நோயின் வீக்கமா மாத்திரையின் வீக்கமா என்று யாராலும் சொல்ல முடியாது. நிறுத்தியிருக்கிறார்கள் என்று ஊகிக்கலாம், ஆனால் ஊகத்தோடு விடாமல் கேட்டு உறுதி செய்யுங்கள்.

மெட்ஃபார்மின் பற்றி வார்டு குறிப்பின் நடுவில் 'வித்ஹெல்ட்' என்று ஒரு சொல் இருந்தது. நிறுத்திவிட்டதாக அர்த்தமில்லை. சிறுநீரகம் தேறும்வரை தள்ளி வைத்திருக்கிறார்கள், எண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பத் தொடங்கலாம். இப்படிப்பட்ட மாத்திரையை நீங்களாகத் தொடங்கவும் கூடாது, அப்படியே மறந்துவிடவும் கூடாது. ரிவ்யூவின்போது கேட்க வேண்டிய முதல் கேள்வியாக எழுதி வையுங்கள்.

சந்தேகம் தீராத அட்டை எதுவாக இருந்தாலும், காகிதத்தின் மேலே இருக்கும் வார்டு எண்ணுக்குப் பேசுங்கள். கிடைக்கவில்லை என்றால் பக்கத்து அரசு மருத்துவமனை மருத்துவரிடம் காகிதத்தையும் அட்டையையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். 104-க்கு அழைத்தும் ஆலோசனை கேட்கலாம்.

"மாசாமாசம் வீட்டுக்கு வந்து மாத்திரை தர்ற அக்கா பழைய மாத்திரையையே குடுத்துட்டுப் போறாங்க. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் நம் மலைக் கிராமங்களுக்குப் பெரிய உதவி. வீடு தேடி வரும் சுகாதாரத் தன்னார்வலர் கையில் இருக்கும் பட்டியல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் எழுதியது. கோவையில் மாற்றியது தானாக அவருக்குப் போய்ச் சேராது. ஆகவே அவரிடம் சம்மரியின் நகல் ஒன்றைக் கொடுத்து, "அக்கா, டாக்டர்கிட்ட காட்டி அம்மாவோட லிஸ்ட்டை மாத்தச் சொல்லுங்க" என்று கேளுங்கள். மாற்றும்வரை பழைய பிரஷர் மாத்திரையை வாங்கி வைக்கவே வேண்டாம். வீட்டில் இருந்தால் யாராவது எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். புது மாத்திரைகளில் எது அரசு வழியாகக் கிடைக்கும், எதை வெளியில் வாங்க வேண்டும் என்பதையும் அதே நாளில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு மாத்திரை தீர்ந்த பிறகு தேடினால் இடையில் நாட்கள் போய்விடும்.

"1-0-1 புரியுது. பக்கத்துல 5/7, 2/52-னு இருக்கே, அது என்ன?"

காலை, மதியம், இரவு என்ற வரிசை 1-0-1. பக்கத்தில் இருப்பது எத்தனை நாளைக்கு என்ற கணக்கு. கீழே 7 இருந்தால் நாள், 52 இருந்தால் வாரம், 12 இருந்தால் மாதம். 5/7 என்றால் ஐந்து நாள். 2/52 என்றால் இரண்டு வாரம். 1/12 என்றால் ஒரு மாதம்.

இதில்தான் பெரிய தவறு நடக்கிறது. இதய மாத்திரைக்குப் பக்கத்தில் 2/52 என்று இருந்தால், இரண்டு வாரத்துக்கு மருந்து கொடுத்திருக்கிறோம், அதற்குள் ரிவ்யூவுக்கு வாருங்கள் என்பதே பெரும்பாலும் அதன் பொருள். ஆன்டிபயாடிக் போல முடிந்ததும் நிறுத்துவதற்கில்லை. ஆனால் பட்டியலில் ஆன்டிபயாடிக்கும் இருந்தால் அதற்கு அதே குறியீடு உண்மையிலேயே முடிவு நாள்தான். எது எது என்று கவுன்ட்டரிலேயே கேட்டு, அட்டையின் மேல் 'தொடரணும்', 'இத்தோட முடியும்' என்று பேனாவால் எழுதி வாங்குங்கள். அட்டை தீர்ந்ததும் எல்லாவற்றையும் நிறுத்தி, சில வாரத்தில் மறுபடி மூச்சுத்திணறலோடு ஆம்புலன்ஸில் இறங்குகிற குடும்பங்களைப் பார்க்கிறபோது மனது கஷ்டப்படுகிறது. தவிர்த்திருக்கக்கூடிய ஒன்று அது.

'சி.எஸ்.டி.' என்று எழுதியிருந்தால் 'அதே சிகிச்சையைத் தொடரவும்' என்று அர்த்தம். எந்த 'அதே' என்று கேட்காமல் விடாதீர்கள். வார்டில் கொடுத்ததா, சேருவதற்கு முன் சாப்பிட்டதா என்பது எழுதியவருக்குத்தான் தெரியும்.

"முழங்கால் வலி தாங்கல. கடையில வாங்கற வலி மாத்திரை போடலாமா?"

டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென், அசிக்ளோஃபெனாக் போன்றவை வேண்டாம். அவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், ஃபுரோசமைடின் வேலையைக் கெடுக்கும், தேறிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தைத் திரும்பவும் அடிக்கும். வருடக்கணக்கில் சரிவில் நின்று கொழுந்து பறித்த முழங்காலுக்கு வலி இல்லாமல் இருக்காது என்பது தெரியும். பாரசிட்டமால் எவ்வளவு போடலாம் என்று கேட்டு வாங்குங்கள், மேலே பூசும் மருந்தையும் கேட்டுவிட்டே பூசுங்கள். கடையில் "வலி மாத்திரை" என்று மட்டும் கேட்காமல் சம்மரியைக் காட்டிக் கேளுங்கள்.

"லாசிக்ஸ் போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது. பஸ்ல போற அன்னிக்கு விட்டுடலாமா?"

ஃபுரோசமைடுதான் லாசிக்ஸ். மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில் வண்டியை நிறுத்தச் சொல்ல முடியாது, அதனால் ரிவ்யூவுக்குப் போகும் அன்றைக்கே பலர் அதை விட்டுவிடுகிறார்கள். அங்கே டாக்டர் கால் வீக்கத்தைப் பார்த்து, மாத்திரை போதவில்லை என்று எண்ணி அளவைக் கூட்டவும் வாய்ப்பிருக்கிறது. இந்த மாத்திரை ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கி ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் முடித்துவிடும். எனவே விடாமல் நேரத்தை மட்டும் தள்ளலாம்: கையோடு கொண்டுபோய், கழிப்பறை இருக்கும் இடத்துக்குச் சேர்ந்த பிறகு போடலாம். இப்படிச் செய்யலாமா என்று முதல் ரிவ்யூவிலேயே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் தள்ளினால் ராத்திரி குளிரில் திரும்பத் திரும்ப எழுந்து போக வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் தலை சுற்றி விழுவதும் நடக்கிறது.

"டெய்லி எடை பாக்கச் சொல்லியிருக்காங்க. எதுக்கு?"

கால் வீங்குவதற்கு முன்பே எடை சொல்லிவிடும். ஒரு லிட்டர் நீர் தேங்கினால் ஒரு கிலோ ஏறும், சாப்பாட்டால் அவ்வளவு வேகமாக ஏறாது. காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் சாப்பிடும் முன், அதே மெஷினில் பாருங்கள். மூன்று நாளுக்குள் இரண்டு கிலோ ஏறினால், மூச்சு நன்றாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள். அம்மாவுக்கு அந்த எல்லை 56.5.

நம்மூரில் ஒரு சிக்கல்: ஒரு நாள் ஸ்வெட்டரும் சால்வையும் போட்டுக்கொண்டு, மறுநாள் வெயில் வந்ததும் கழற்றிவிட்டு நின்றால் ஒரு கிலோ வித்தியாசம் அங்கேயே வந்துவிடும். தினமும் ஒரே மாதிரி துணியோடு நிற்கட்டும். எடையைச் சுவர் காலண்டரில் அந்தத் தேதிக் கட்டத்திலேயே எழுதினால் போதும்.

ஒன்றரை லிட்டருக்கு மேல் நீர் கூடாது என்று எழுதியிருந்தால் டீ, கஞ்சி, ரசம், மோர் எல்லாம் அதில் அடங்கும். உப்பு விஷயத்தில் கருவாடும் ஊறுகாயும்தான் முதலில் குறைய வேண்டியவை. சோடியம் குறைந்தது என்று விற்கும் உப்பு வேண்டாம். அதில் பொட்டாசியம் கலந்திருக்கிறது. ஏன் கூடாது என்பது இரண்டு கேள்வி தள்ளி வருகிறது.

"கோவையில ஆக்ஸிஜன் 98-னு எழுதியிருக்கு. வீட்டு மெஷின்ல 95 காட்டுது. மறுபடியும் மோசமாகுதா?"

கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கோத்தகிரி 1,800 மீட்டருக்குப் பக்கத்தில். இங்கே காற்றழுத்தம் குறைவு. நல்ல ஆரோக்கியமானவருக்கே இரண்டு மூன்று புள்ளி குறைந்து காட்டும். விரல் சில்லிட்டிருந்தால் மெஷின் இன்னும் தப்பாகக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு பாருங்கள். தினமும் காட்டும் எண்ணிலிருந்து இறங்கிக்கொண்டே வந்தாலோ, 90-க்குக் கீழே நின்றாலோ, மூச்சு வாங்கினாலோ தாமதிக்கக்கூடாது. எண் நன்றாக இருந்து ஆள் திணறினால், ஆளைத்தான் நம்ப வேண்டும்.

"ஒரு வாரத்துல ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லியிருக்கு. இதுக்காகக் கோவை வரைக்கும் போகணுமா?"

தேவையில்லை. கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டும்தான் கேட்டிருப்பார்கள், அவற்றை இங்கேயே எடுக்கலாம். ஆனால் தள்ளிப்போடாதீர்கள். ஸ்பைரனோலாக்டோனும் சாக்குபிட்ரில்-வல்சார்டனும் சேர்ந்து பொட்டாசியத்தை ஏற்றும். சாதாரணமாக அது 3.5 முதல் 5 வரை இருக்கும். 5.5-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெட வாய்ப்பு உண்டு, வெளியில் எந்த அறிகுறியும் தெரியாமலே இது ஏறும். இளநீரைத் தினமும் குடிக்கக்கூடாது என்பதும், மேலே சொன்ன உப்பு வேண்டாம் என்பதும் இதனால்தான்.

எடுக்கும் இடத்தில் ஒன்று கேளுங்கள்: "இங்கேயே பார்ப்பீர்களா, கீழே அனுப்புவீர்களா?" ரத்தத்தைப் பிரிக்காமல் குளிரில் பல மணி நேரம் வைத்து அனுப்பினால், ரத்த அணுக்களிலிருந்து பொட்டாசியம் கசிந்து பொய்யாகக் கூடுதலாகக் காட்டும். அனுப்புவதாக இருந்தால் சென்ட்ரிஃபியூஜில் சுற்றிப் பிரித்து அனுப்பச் சொல்லுங்கள். அதிகமாக வந்தால் முதலில் மருத்துவரிடம் அன்றைக்கே காட்டுங்கள், திரும்ப எடுப்பதா என்பதை அவர் முடிவு செய்வார். ரிசல்ட் தாளைச் சம்மரியோடு பின் செய்து வையுங்கள், கார்டியாலஜி ஓ.பி.-யில் அதைத்தான் தேடுவார்கள்.

"ரிவ்யூ ரெண்டு வாரம் கழிச்சு, இல்லன்னா எஸ்.ஓ.எஸ்.னு இருக்கு. அந்த எஸ்.ஓ.எஸ். எப்போ?"

அவசியம் ஏற்பட்டால் தேதிக்குக் காத்திருக்காமல் வரவும் என்று அர்த்தம். ஆனால் எது அவசியம் என்று காகிதம் பெரும்பாலும் சொல்வதில்லை. அம்மாவைப் போன்றவர்களுக்கு: படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார வேண்டியிருப்பது, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, மயக்கம், உதடோ முகமோ வீங்குவது. இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். கோவையில் பார்த்த அதே டாக்டரிடம்தான் போக வேண்டும் என்று மலை இறங்குவது நேரத்தைத் தின்னும். சம்மரி கையில் இருந்தால் இங்கே இருக்கும் மருத்துவரால் தொடங்க முடியும்.

வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்து தண்ணீர்கூடத் தங்கவில்லை என்றால் அதுவும் அன்றைக்கே காட்ட வேண்டியது. நீர் வற்றிய உடம்பில் ஃபுரோசமைடு, ஸ்பைரனோலாக்டோன், டாபாக்லிஃப்ளோசின் போன்றவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். எவற்றை எத்தனை நாள் நிறுத்தி வைப்பது, எப்போது திரும்பத் தொடங்குவது என்பதை மருத்துவர் சொல்வார்.

"மழைக்காலத்துல ரோடு அடைச்சா என்ன பண்றது?"

கோத்தகிரி, குன்னூர் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வரும் வடகிழக்கு மழையில்தான் மண் சரிகிறது. 2009 நவம்பரில் நீலகிரியில் என்ன நடந்தது என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த மூன்று மாதத்தில் பத்து நாளைக்கான மாத்திரை எப்போதும் கூடுதலாக இருக்கட்டும். ரிவ்யூ தேதி அதில் விழுந்து சாலை அடைத்துவிட்டால், மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, பக்கத்து அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள். சம்மரியின் எல்லாப் பக்கங்களையும், எக்கோ தாளையும் படமெடுத்து வீட்டில் இரண்டு பேர் போனிலாவது வையுங்கள். அசலை பிளாஸ்டிக் கவரில் போட்டு மாத்திரை டப்பாவோடு வைத்தால், 108 வரும்போது தேட வேண்டியிருக்காது.